மூன்று ஏக்கருக்குத் தண்ணீர் காணுமா?

வங்கிக் கடனுக்காகவோ மானியத்துக்காகவோ எழுதப்படும் பண்ணைத் திட்டங்களில் விதை, உரம், ஆள்கூலி என்று எல்லாம் ரூபாய்க் கணக்காக இருக்கும். தண்ணீருக்கு மட்டும் ஒரே வரிதான்: “கிணறு ஒன்று, 5 எச்.பி. மோட்டார், பாசன வசதி உண்டு.” திட்டம் தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. அதைச் சரிபார்க்க நான்கு எண்கள் போதும். பயிருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், பரப்பு எவ்வளவு, பாய்ச்சும் தண்ணீரில் எவ்வளவு வேரைச் சேர்கிறது, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும்.

பல்லடம் பக்கத்துத் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று ஏக்கர் மக்காச்சோளம். ஜனவரி முதல் வாரத்தில் விதைப்பு, பார் பிடித்து வாய்க்கால் பாசனம். தை, மாசியில் அங்கே மழையை நம்ப முடியாது. ஆகவே முழுத் தேவையும் கிணற்றின் தலையில்தான்.

பயிரின் தேவையை மழையளவு போலவே மில்லிமீட்டரில் சொல்வார்கள். பிப்ரவரிக் கடைசியில் அந்தப் பகுதியின் வெயிலும் காற்றும் ஒரு நாளில் சுமார் 5 மி.மீ. தண்ணீரை இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். இது நிலத்தை மூடி நிற்கும் புல்லுக்கான அடிப்படை அளவு. பயிருக்குப் பயிர், பருவத்துக்குப் பருவம் இதை ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998-இல் வெளியிட்ட வழிகாட்டியில் மக்காச்சோளத்துக்கு முளைப்பருவத்தில் 0.3, பூவெடுத்துக் கதிர் பிடிக்கும்போது 1.2 என்று இருக்கிறது. அதாவது உச்ச நாளில் 6 மி.மீ.

திட்டம் எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மொத்தப் பருவத்துக்கு 450 மி.மீ. என்று எடுத்து 105 நாட்களால் வகுத்தால், நாளுக்கு 4.3 மி.மீ.தான் வரும். பார்க்க வசதியான எண். ஆனால் பயிர் சராசரியைக் குடிப்பதில்லை. ஆண் பூவும் பட்டு நூலும் வெளிவரும் அந்த இரண்டு மூன்று வாரத்தில் வாடினால், கதிரில் மணி பிடிக்காமல் பொக்கையாகிவிடும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அது திரும்பாது. எனவே கணக்கை உச்ச வாரத்துக்குத்தான் போட வேண்டும்.

ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 4,047 லிட்டர். மூன்று ஏக்கருக்கு 6 மி.மீ. என்றால் சுமார் 72,850 லிட்டர். ஒரு ஹெக்டேருக்கு இதே மில்லிமீட்டர் 10,000 லிட்டர். ஏக்கரையும் ஹெக்டேரையும் கலந்துவிட்டால் விடை இரண்டரை மடங்கு பிசகும்.

இந்த 72,850 லிட்டர் வேருக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர். கிணற்றிலிருந்து எடுக்க வேண்டியது இதைவிட அதிகம். மண் வாய்க்காலில் கொஞ்சம் கசியும், வாமடைப் பக்கம் வேருக்குக் கீழே இறங்கும், கடைமடையில் வழியும். ஓரளவு நன்றாகச் சமன்செய்த நிலத்தில் வாய்க்கால் பாசனத்துக்கு 60 சதவீதம் என்று வைப்பது வழக்கம். 72,850-ஐ 0.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,21,400 லிட்டர். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கி, சுமார் 43,700 லிட்டர் போதும் என்று எழுதிவிடுவது உண்டு. எடுக்கும் தண்ணீர் பயிரின் தேவையைவிடக் குறைவாக வந்தால் தவறு இங்கேதான் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து மோட்டார். 5 எச்.பி. என்பது மோட்டாரின் சக்தி. தண்ணீரின் அளவு அல்ல. எவ்வளவு ஆழத்திலிருந்து தூக்குகிறது, குழாய் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அதே மோட்டார் தரும் தண்ணீர் மாறும். பெயர்ப்பலகையை நம்பாமல் 200 லிட்டர் டிரம்மை வாய்க்கால் தலைப்பில் வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதே மேல். நம் தோட்டத்தில் டிரம் 40 விநாடியில் நிறைகிறது. விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். மோட்டார் போட்டவுடன் மட்டும் அளந்தால் எண் கூடுதலாகத் தெரியும். கிணற்றில் மட்டம் இறங்க இறங்கத் தண்ணீர் குறையும். ஆகவே நிறுத்துவதற்குச் சற்று முன்பும் ஒருமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். இங்கே 5 லிட்டர் அப்படி வந்த சராசரி.

1,21,400-ஐ 18,000-ஆல் வகுத்தால் நாளுக்கு ஆறே முக்கால் மணி நேரம். தினமும் பாய்ச்சுவதில்லையே, வாரம் ஒரு தண்ணீர்தானே என்று கேட்கலாம். வாரத்துக்கு 47 மணி நேரம் ஆகும். பாத்தி பாத்தியாக முறைவைத்துப் பாய்ச்சினாலும் மோட்டாருக்கு அதே வேலைதான். மும்முனை மின்சாரம் ஏழு மணி நேரம் வருகிற ஊராக இருந்தால், காகிதத்தில் திட்டம் தேறிவிட்டது.

தேறவில்லை. கிணற்றை இன்னும் கேட்கவில்லையே. இந்தக் கிணற்றில் நாலு மணி நேரம் ஓட்டினால் புட்வால்வு தெரிந்துவிடுகிறது. மறுநாள் காலைதான் பழைய மட்டத்துக்கு ஊறுகிறது. அப்படியானால் ஒரு நாளைய ஊற்று 72,000 லிட்டர். தேவையில் ஐந்தில் மூன்று பங்கு. இதையும் ஒரே நாளில் முடிவு செய்யக் கூடாது. முதல் நாள் இறைப்பது பல நாள் தேங்கிய தண்ணீர். சுவரில் ஒரு கோடு போட்டு, நாலைந்து நாள் தொடர்ந்து இறைத்த பிறகும் காலையில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். மார்கழியில் நிறைந்து நிற்கும் கிணற்றை அளந்து மாசிக்குக் கணக்குப் போடுவது இன்னும் ஆபத்து. போன ஆண்டு மாசியில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வீட்டில் நினைவிருக்கும். திட்டத்தில் எழுத வேண்டிய எண் அதுதான்.

இந்த நிலையில் 7.5 எச்.பி. மோட்டாருக்குக் கடன் கேட்பவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. பெரிய மோட்டார் அதே 72,000 லிட்டரைச் சீக்கிரம் இறைத்துவிட்டு நிற்கும், அவ்வளவுதான்.

ஆகவே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். 72,000 லிட்டரில் 60 சதவீதம் வேருக்குச் சேர்ந்தால் 43,200 லிட்டர். ஏக்கருக்கு உச்சத் தேவை 24,280 லிட்டர். ஒன்றே முக்கால் ஏக்கர்தான் தாங்கும். சொட்டுநீர் போட்டு 90 சதவீதம் சேர்ந்தால் 64,800 லிட்டர், அதாவது இரண்டே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. அப்போதும் மூன்று ஏக்கர் வராது. அந்த 90 கூட, வடிகட்டியைக் கழுவி, அடைத்த துளிப்பான்களை மாற்றி, கடைசிக் குழாயிலும் அழுத்தம் இருந்தால்தான் கிடைக்கும்.

பாதி நிலத்தை இருபது நாள் தள்ளி விதைத்தால் இரண்டு உச்சங்களும் மோதாதே என்ற யோசனை வரும். ஆனால் தள்ளி விதைத்த பாதி பங்குனி வெயிலில் பூக்கும். வெயில் ஏறி, ஊற்று இறங்கியிருக்கும். இந்தக் கிணற்றுக்கு அது ஒத்துவராது.

நான் எழுதினால் சொட்டுநீரில் இரண்டரை ஏக்கர் மக்காச்சோளம் என்று எழுதுவேன். உச்ச நாளில் 67,450 லிட்டர், மூன்றே முக்கால் மணி நேர ஓட்டம். கிணறு தாங்கும், மிஞ்சுவது கால் மணி நேரம்தான். மீதி அரை ஏக்கரில் மழைக்காலத்திலேயே கொள்ளு விதைத்து எடுத்துவிடலாம். முக்கியமானது, திட்டத்தின் வருமானப் பக்கத்திலும் மூன்றை அடித்து இரண்டரை என்று திருத்த வேண்டும். கடன் தவணையை அந்த விளைச்சலுக்குத்தான் பொருத்த வேண்டும்.