மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா? முதிர்வுத் தொகைக்கு ஒரு வட்டக் கணக்கு

நம் உறுப்பினர் ஒருவர், மளிகை மொத்த வியாபாரம் செய்து அறுபது வயதில் கடையை மகன் கையில் கொடுத்தவர், ஆயுள் காப்பீட்டுக் கடிதம் ஒன்றுடன் நம்மிடம் வந்தார். பாலிசி முதிர்ந்து ரூ.10 லட்சம் வரவேண்டியிருக்கிறது. அதை மொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாம்; அல்லது கம்பெனியிடமே விட்டுவைத்து, உயிருள்ளவரை மாதம் ரூ.6,800 வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவதை எடுத்தால் அவர் காலத்துக்குப் பின் யாருக்கும் எதுவும் கிடையாது. "பன்னிரண்டு வருஷம் மூணு மாசத்தில் உங்க முதல் திரும்பி வந்துவிடும், அப்புறம் வருவதெல்லாம் லாபம்" என்றாராம் ஏஜெண்டு. "பணத்தை வாங்கிக் கடையில் போடுங்கள் அப்பா" என்றாராம் மகன். இருவர் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. முதலில் ஏஜெண்டின் கணக்கைப் பார்ப்போம்.

பத்து லட்சத்தை 6,800 ஆல் வகுத்தால் 147 மாதம்; பன்னிரண்டு ஆண்டு மூன்று மாதம் என்பது அப்படி வந்ததுதான். ஆனால் அடுத்த மாதம் வரும் 6,800-ம் பத்து ஆண்டு கழித்து வரும் 6,800-ம் ஒன்றா? மூன்று மாதத் தவணை உண்டியலை இன்றே காசாக்கினால் முகத்தொகை முழுவதும் யாரும் கொடுப்பதில்லை, வட்டம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மாத பென்ஷனும் வரிசையாக அடுக்கிய உண்டியல்களின் கட்டுதான். ஒவ்வொன்றுக்கும் அதன் தவணைக்கு ஏற்ப வட்டம் கழித்துக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டுத்தொகையே பென்ஷனின் இன்றைய மதிப்பு. அதைத்தான் பத்து லட்சத்துடன் ஒப்பிட வேண்டும்.

எந்த வட்டியில் கழிப்பது? இங்கேதான் மகனின் கணக்கு தவறுகிறது. கடையில் போட்டால் ஒன்றரை வட்டி கிடைக்கும் என்கிறார். கிடைக்கலாம். ஆனால் அது கடனுக்குச் சரக்குக் கொடுத்து, வாராக்கடனையும் தாங்கி, நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்து எடுக்கிற வருமானம். பென்ஷனோ தேதி தவறாமல் வருவது. நிச்சயமான வரவை, அதே அளவு நிச்சயமான இன்னொரு வரவின் வட்டியில்தான் கழிக்க வேண்டும். அதாவது வங்கி வைப்புநிதி வட்டியில். வரி போக, பல ஆண்டுகளுக்குச் சராசரியாக எதிர்பார்க்கக்கூடியது என்று நாம் அரை வட்டியை, அதாவது ஆண்டுக்கு 6 சதவீதத்தை, எடுத்துக்கொண்டோம்.

அரை வட்டி என்றால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒருமுறை 1.005 ஆல் வகுக்க வேண்டும். முதல் மாதத்து 6,800-ன் இன்றைய மதிப்பு ரூ.6,766. ஓராண்டு கழித்து வருவது ரூ.6,405. பத்தாம் ஆண்டு முடிவில் வருவது ரூ.3,737. இருபதாம் ஆண்டு முடிவில் வருவது ரூ.2,054 மட்டுமே. இப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கடைக் கணிப்பொறியில் எக்செல் இருந்தால், இருபது ஆண்டுக்கு, அதாவது 240 மாதத்துக்கு, இப்படித் தட்டினால் போதும்:

```
=PV(0.005,240,-6800)
```

விடை ரூ.9,49,149. இருபது ஆண்டு வாங்கினாலும், அதாவது எண்பது வயது வரை இருந்தாலும், பத்து லட்சம் தேறவில்லை. பதினைந்து ஆண்டு என்றால் ஏறத்தாழ ரூ.8.06 லட்சம், இருபத்தைந்து ஆண்டு என்றால் ரூ.10.55 லட்சம். இரண்டும் சமமாகும் இடம் இருபத்திரண்டு ஆண்டு இரண்டு மாதம். ஏஜெண்டு சொன்னதற்கும் இதற்கும் பத்து ஆண்டு வித்தியாசம். உறுப்பினர் 82 வயதைத் தாண்டினால்தான் பென்ஷன் முந்துகிறது.

வட்டியைச் சற்று மாற்றினால் இந்த வயது எங்கோ ஓடிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 7.5 சதவீதத்தில் கழித்தால் சமமாகும் வயது 93-க்கு மேல் போகிறது. மாதம் நூற்றுக்கு 68 காசு வட்டி எங்காவது நிரந்தரமாகக் கிடைக்குமானால் பென்ஷன் என்றுமே முந்தாது; ஏனெனில் பத்து லட்சத்துக்கு அந்த வட்டியே 6,800 ஆகிவிடும், முதலும் அப்படியே இருக்கும்.

"அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் அதற்கு மேலேயே தருகிறதே" என்று உறுப்பினர் சரியாகவே கேட்டார். 2023 ஏப்ரலில் அதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் பத்து லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கொரு முறை ரூ.20,500 வரும். நல்ல வட்டிதான். ஆனால் போடும்போது உள்ள வட்டி ஐந்தாண்டுக்கு மட்டுமே உறுதி. காப்பீட்டுக் கம்பெனியின் 6,800 முப்பது ஆண்டானாலும் மாறாது. 2020-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதமாகக் குறைத்தபோது, வைப்புநிதி வட்டியை நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் பட்ட சிரமம் நமக்கு நினைவிருக்கிறது. ஐந்தாண்டு வட்டியை வைத்து இருபத்தைந்து ஆண்டு வரவைக் கழிப்பது சரியல்ல.

இந்தியாவில் அறுபது வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் சுமார் 18 ஆண்டு வாழ்கிறார். பதினெட்டு ஆண்டுப் பென்ஷனின் இன்றைய மதிப்பு ரூ.8.97 லட்சம். வெறும் கணக்காகப் பார்த்தால் மொத்தத் தொகையே மேல். ஆனால் சராசரியைத் தாண்டி வாழ்பவர் ஏராளம். பத்து லட்சத்தை அரை வட்டிக்குப் போட்டு மாதம் 6,800 எடுத்தால் அதே இருபத்திரண்டு ஆண்டு இரண்டு மாதத்தில் கையிருப்பு தீர்ந்துவிடும். தொண்ணூறு வயது வரை இருப்பவர் கடைசி எட்டு ஆண்டுக்கு என்ன செய்வார்? பென்ஷனுக்காக விட்டுக்கொடுக்கும் அந்த ஒரு லட்சத்துச் சொச்சம், நீண்ட ஆயுளுக்குக் கட்டும் பிரீமியம் என்றே கொள்ள வேண்டும். கடை வாடகையோ வேறு நிலையான வரவோ உள்ளவருக்கு அது தேவைப்படாது. சர்க்கரை, இதயம் என்று உடம்பு சரியில்லாதவருக்கும் அதில் நஷ்டமே அதிகம். இவருக்கோ தகப்பனார் 91 வயது வரை இருந்தவர். கடையைத் தவிர வேறு வரவும் இல்லை.

கடிதத்தின் பின்பக்கத்தில் இன்னும் இரண்டு வழி அச்சாகியிருந்தது; அவர் அதைப் படித்திருக்கவில்லை. ஒன்று, மாதம் ரூ.5,300 வாங்கிக்கொண்டு, காலத்துக்குப் பின் வாரிசுக்குப் பத்து லட்சம் திரும்பும் வழி. இது வைப்புநிதி போன்றதே: ஆண்டுக்கு 6.36 சதவீதம், ஆயுள் முழுக்க மாறாத வட்டி. அரை வட்டியில் கழித்தால் எத்தனை வயது வாழ்ந்தாலும் பத்து லட்சத்துக்குச் சற்று மேலேயே நிற்கும். மற்றொன்று, மாதம் ரூ.6,200 வீதம் தனக்கும், தனக்குப் பின் மனைவிக்கும் அவர் ஆயுள் வரை. மனைவிக்கு வயது 55. இது சமமாவது இருபத்தேழு ஆண்டு ஐந்து மாதத்தில். அப்போது அம்மையாருக்கும் வயது 82 தான் ஆகியிருக்கும். ஏஜெண்டு காட்டிய 6,800-ல் அம்மையாருக்கு எதுவுமே இல்லை என்பதைச் சொன்னபோது, உறுப்பினர் சற்று நேரம் பேசவில்லை.

பென்ஷனானாலும் வைப்புநிதி வட்டியானாலும் அந்தந்த ஆண்டு வருமானத்தில் சேரும். ஆகவே வரியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பென்ஷன் பாலிசி என்றே எடுத்தவர்களுக்கு முழுத் தொகையையும் கையில் பெறும் வாய்ப்பு இராது. பத்திரத்தைப் படித்துவிட்டுக் கணக்குப் போட வேண்டும்.

கம்பெனி சம்மதித்தால் பாதிக்கு மனைவியும் சேர்ந்த பென்ஷன், மீதிப் பாதி ரொக்கம் என்று பிரித்துக்கொள்ளும்படி நாம் யோசனை சொன்னோம். ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரைதான் வைப்புநிதிக் காப்பீடு என்பதால் ரொக்கம் அந்த வரம்புக்குள் இருப்பதும் நல்லதே. மகன் கேட்ட கடை முதலுக்கு அதில் எவ்வளவு கொடுப்பது என்பதை வீட்டில் பேசி முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். கடிதத்தைத் திருப்பி அனுப்ப அவருக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.