27 அளவீடுகளில் 4 வெற்றி: ஒரு மருந்துச் சோதனையின் கணக்கு

புள்ளியியல் வகுப்பில் ஆண்டுதோறும் நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுபோவேன். அதற்குள் 20 காகிதத் துண்டுகள் இருக்கும். 19 வெள்ளை, 1 சிவப்பு. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டை எடுத்தால் சிவப்பு வருவதற்கான வாய்ப்பு 5 விழுக்காடுதான். எடுத்ததைத் திரும்பப் போட்டுக் குலுக்கிவிட்டு, டின்னை அடுத்தவரிடம் கொடுப்பார்கள். இப்படி 27 பேர் எடுத்து முடிப்பதற்குள் ஒருவர் கையிலாவது சிவப்பு வந்துவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பேன். பலரும் 20, 30 விழுக்காடு என்பார்கள். உண்மையில் அது 75 விழுக்காடு.

கணக்கு எளிது. ஒருமுறை வெள்ளை வரும் வாய்ப்பு 0.95. இருபத்தேழு முறையும் வெள்ளையே வர வேண்டுமானால் 0.95-ஐ 27 தடவை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.25. எஞ்சிய 0.75 என்பது ஒரு சிவப்பாவது தலைகாட்டும் வாய்ப்பு.

27 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. அது ஒரு மனநல மருந்துச் சோதனையிலிருந்து வந்தது. அதன் பெயர் ‘ஆய்வு 329’.

1994-இல் தொடங்கி அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த சோதனை அது. கடும் மனச்சோர்வு உள்ள, 12 முதல் 18 வயதுக்கு உட்பட்ட 275 பேர் அதில் சேர்ந்தார்கள். 93 பேருக்குப் பராக்ஸெட்டின் என்ற மருந்தும், 95 பேருக்கு இமிப்ரமின் என்ற பழைய மருந்தும் தரப்பட்டன. மீதி 87 பேருக்குக் கிடைத்தது மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது மருத்துவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. எட்டு வாரம் கழித்து எந்தக் குழு அதிகம் தேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. காய்ச்சல் என்றால் வெப்பமானி போதும். மனச்சோர்வு தேறியதை எதைக் கொண்டு அளப்பது? மருத்துவர் கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் ஹாமில்டன் அளவுகோல் உண்டு. மருத்துவரின் ஒட்டுமொத்தக் கணிப்பு உண்டு. பெற்றோர் நிரப்பும் படிவமும், பிள்ளையே நிரப்பும் படிவமும் உண்டு. ஒரே அளவுகோலில்கூடச் சராசரி மதிப்பெண் எவ்வளவு இறங்கியது என்று கேட்கலாம், எத்தனை பேர் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே வந்தார்கள் என்றும் கேட்கலாம். ஒவ்வொரு கேள்வியும் டின்னுக்குள் கைவிடும் இன்னொரு தடவை.

மருந்தால் ஒரு பயனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தற்செயலாகவே இரு குழுக்களுக்கும் இடையே ஓரளவு வேறுபாடு தெரியும். அத்தனை பெரிய வேறுபாடு தற்செயலாக வரக்கூடிய வாய்ப்பைத்தான் ‘பி மதிப்பு’ சொல்கிறது. அது 0.05-க்குக் குறைவாக இருந்தால் ஆய்வாளர்கள் பொதுவாக ‘புள்ளியியல் முக்கியத்துவம் உண்டு’ என்பார்கள். பயனே இல்லாத மருந்தும் ஒரு கேள்வியில் இருபதில் ஒரு தடவை இந்தத் தேர்வில் தேறிவிடும். அதுதான் சிவப்புத் துண்டு.

இதைத் தடுக்கத்தான், சோதனை தொடங்கும் முன்பே ‘முதன்மை அளவீடு’ எது என்று எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. ஆய்வு 329-இன் திட்டத்தில் இரண்டு முதன்மை அளவீடுகள் இருந்தன. ஒன்று, ஹாமில்டன் மொத்த மதிப்பெண் எவ்வளவு இறங்கியது என்பது. இன்னொன்று, எத்தனை பேர் மருந்துக்கு ‘இணங்கினார்கள்’ என்பது. மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்தாலோ அவர் இணங்கியவர். இவற்றோடு ஆறு துணை அளவீடுகளும் இருந்தன. ஆக மொத்தம் எட்டு.

அந்த எட்டில் ஒன்றில்கூடப் பராக்ஸெட்டின் போலி மாத்திரையை வெல்லவில்லை. ஆனால் 2001-இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை, மருந்து பொதுவாக உடல் நன்கு ஏற்றுக்கொள்ளக்கூடியது, பயன் தருவது என்ற முடிவைச் சொன்னது. நான்கு அளவீடுகளில் மருந்து வென்றதாகக் காட்டியது. அந்த நான்கும் தொடக்கத் திட்டத்தில் இல்லாதவை.

அதில் ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். திட்டத்தில் இருந்த ‘இணங்கியவர்’ கணக்கில், பராக்ஸெட்டின் பெற்று மறுமதிப்பீடு செய்யப்பட்ட 90 பேரில் 60 பேர் தேறினார்கள். அது 66.7 விழுக்காடு. போலி மாத்திரை பெற்ற 87 பேரில் 48 பேர், அதாவது 55.2 விழுக்காடு. இது தற்செயலாகவே வரக்கூடிய வேறுபாடுதான். பி மதிப்பு 0.1-க்கும் மேல்.

இப்போது அந்த வரையறையின் பின்பாதியை வெட்டிவிடுங்கள். ‘பாதியாகக் குறைந்தாலோ’ என்பதை எடுத்துவிட்டு, 8 அல்லது அதற்குக் கீழே வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். மருந்துக் குழுவில் 57, போலி மாத்திரைக் குழுவில் 40. விழுக்காட்டில் 63.3-க்கு எதிராக 46.0. பி மதிப்பு 0.02. அதே பிள்ளைகள், அதே மதிப்பெண்கள். கேள்வியை மாற்றியதும் தோல்வி வெற்றியாகிவிட்டது.

ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜோன் ஜூரிடினியும் இரண்டு சக ஆய்வாளர்களும் நிறுவனத்தின் உள் ஆவணங்களைத் தோண்டி, 2008-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். திட்டத்தில் இருந்த 8 அளவீடுகளுக்கு மேல் இன்னும் 19 அளவீடுகளாவது சோதிக்கப்பட்டிருந்தன. ஆக, தெரிந்தவரை 27. அதில் 4 மட்டுமே சாதகம். வாசகர் கண்ணுக்குச் சிவப்புத் துண்டுகள் தெரிந்தன. எத்தனை தடவை டின்னில் கைவிட்டார்கள் என்பது தெரியவில்லை.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். டின்னில் ஒருவர் எடுப்பதற்கும் அடுத்தவர் எடுப்பதற்கும் தொடர்பு கிடையாது. சோதனையில் அப்படி அல்ல. ஓர் அளவுகோலில் தேறிய பிள்ளை பெரும்பாலும் மற்றொன்றிலும் தேறியிருக்கும். அதனால் உண்மையான வாய்ப்பு 75 விழுக்காட்டைவிடக் குறைவு. ஆனாலும் 5 விழுக்காட்டைவிட அது மிக அதிகம்.

சரி, பல கேள்விகள் கேட்டே ஆக வேண்டும் என்றால் எப்படிக் கேட்பது? எளிய வழி பொன்ஃபெரோனி திருத்தம். 0.05-ஐ அளவீடுகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதையே புதிய எல்லையாக வைப்பது. எட்டு என்றால் 0.00625. அந்த எல்லைக்கு முன்னால் 0.02 நிற்காது.

இந்த முறை சில சமயம் உண்மையான பயனையும் தள்ளிவிடும். 1979-இல் சுவீடன் புள்ளியியலாளர் ஹோம் கொஞ்சம் தளர்வான, ஆனால் அதே அளவு பாதுகாப்பான வழியைச் சொன்னார். நான் இட்டுக்கட்டிய ஒரு கணக்கில் அதைச் செய்து பார்ப்போம். நான்கு அளவீடுகளின் பி மதிப்புகள் 0.010, 0.015, 0.030, 0.200 என்று இருக்கட்டும். பொன்ஃபெரோனி முறையில் எல்லை 0.0125. முதலாவது மட்டுமே தேறும். ஹோம் முறையில் சிறியதிலிருந்து வரிசையாகப் போக வேண்டும். முதலாவதற்கு எல்லை 0.05-ஐ 4-ஆல் வகுத்த 0.0125. தேறிவிட்டது. இரண்டாவதற்கு 3-ஆல் வகுத்த 0.0167. 0.015-உம் தேறிவிட்டது. மூன்றாவதற்கு 2-ஆல் வகுத்த 0.025. 0.030 தேறவில்லை. அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அடுத்தது எதுவாக இருந்தாலும் பார்க்கக் கூடாது.

என் மாணவி ஒருத்தி ஒருமுறை கேட்டாள்: “சார், அப்படியானால் எல்லாவற்றையும் 27-ஆல் வகுத்துவிட்டால் ஆய்வு 329 சரியாகிவிடுமா?”

நல்ல கேள்வி. 27-ஆல் வகுத்தால் எல்லை 0.00185. அந்த நான்கில் ஒன்று, ஹாமில்டன் அளவுகோலில் ‘சோர்ந்த மனநிலை’ பற்றிய ஒரே ஒரு கேள்வி. அதற்குக் கட்டுரை தந்த பி மதிப்பு 0.001. ஆக, அது இந்தக் கடுமையான எல்லையையும் தாண்டுகிறது! ஆனால் வகுக்கும் எண் சரியாக இருந்தால்தான் திருத்தம் சரியாக இருக்கும். 27 என்பது நமக்குத் தெரிய வந்த எண்ணிக்கை மட்டுமே. ஒரு முழு அளவுகோலிலிருந்து ஒரு கேள்வியைப் பிறகு தனியே எடுக்கலாம் என்றால், எடுக்கப்படாமல் விட்ட கேள்விகளையும் எண்ண வேண்டும். அதை யாராலும் எண்ண முடியாது. முன்பே எழுதிவைக்காத கேள்விக்கு எந்தச் சூத்திரமும் காவல் நிற்காது. அத்தகைய முடிவை, அடுத்த சோதனையில் சரிபார்க்க வேண்டிய ஒரு குறிப்பாக மட்டுமே எழுதலாம்.

பக்கவிளைவுகளுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. பயன் உண்டு என்று சொல்ல எல்லை கடுமையாக இருக்க வேண்டும். தீங்கு பற்றிய அறிகுறிக்கும் அதே கடுமையைக் கேட்டால் ஆபத்தை மறைத்துவிடுவோம். 2015-இல் ஒரு தனிக் குழு ஆய்வு 329-இன் மூலத் தரவுகளைப் பழைய திட்டத்தின்படியே மறுபடி கணக்கிட்டது. ஹாமில்டன் மதிப்பெண் பராக்ஸெட்டின் குழுவில் 10.7-உம் போலி மாத்திரைக் குழுவில் 9.1-உம் இறங்கியிருந்தது. அது முக்கியத்துவம் இல்லாத வேறுபாடு. ஆனால் தற்கொலை எண்ணமும் நடத்தையும் பராக்ஸெட்டின் குழுவில் அதிகமாக இருந்தன என்பதை அக்குழு வெளிப்படுத்தியது. அதற்கு முன்பே, 2003-இல், பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 18 வயதுக்குட்பட்டவர்களின் மனச்சோர்வுக்கு இந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்திருந்தது. (இதைப் படித்துவிட்டு, மனநல மருந்து எடுத்துவரும் யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.)

இன்று முக்கிய மருத்துவ இதழ்கள், தொடக்கத்திலேயே பொதுப் பதிவேட்டில் பதியாத சோதனைகளை ஏற்பதில்லை. கட்டுரையில் NCT என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால், அதை ClinicalTrials.gov தளத்தில் இட்டுத் தேடுங்கள். அங்கே பதிந்த முதன்மை அளவீடும் கட்டுரையில் முதலில் பேசப்படும் அளவீடும் ஒன்றுதானா என்று பாருங்கள். பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற வரலாறும் அங்கேயே இருக்கிறது. பிறகு, எத்தனை அளவீடுகள் சோதிக்கப்பட்டன, அவற்றுக்கு எந்தத் திருத்தம் செய்யப்பட்டது என்பதை முறைகள் பகுதியில் தேடுங்கள்.

அந்த மாணவி அடுத்த வாரமே தன் ஆய்வேட்டுத் திட்டத்தோடு வந்தாள். தேர்வுக்கால மன அழுத்தம் பற்றியது. ஆறு கேள்வித்தாள்கள் வைத்திருந்தாள். “எது முதன்மை?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து ஒன்றை வட்டமிட்டு, பக்கத்தில் தேதி போட்டாள். அதன் பிறகுதான் முதல் பிரதியை அச்சடித்தாள்.