ரிலே ‘டிக் டிக்’ என்றால் அடாப்டரைப் பாருங்கள்

மாடித் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவியை வீட்டிலேயே செய்பவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலருக்கு ஒரே மாதிரி நேரும் தொல்லை இது. கீழே மேசையில், கம்ப்யூட்டரோடு இணைத்துச் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். மாடியில் கொண்டுபோய் மாட்டியதும் ரிலே ‘டிக்’ என்று ஒலிக்கும், பம்ப் ஒரு உதறு உதறிவிட்டு நின்றுவிடும். சில விநாடி கழித்து மறுபடியும் ‘டிக்’, மறுபடியும் ஒரு உதறல். இரவெல்லாம் உட்கார்ந்து புரோகிராமில் பிழை தேடுவார்கள். பிழை அங்கே இருக்காது. எந்தெந்தப் பாகம் எவ்வளவு மின்சாரம் கேட்கும் என்று கூட்டிப் பார்க்காமல், கையில் கிடைத்த அடாப்டரைச் செருகியதுதான் காரணம்.

அந்தக் கூட்டலை ஒரு கருவியை வைத்தே செய்து பார்ப்போம். மூளையாக ஒரு ஈஎஸ்பி32 போர்டு. மண்ணின் ஈரம் பார்க்க இரண்டு சென்சார். சிறிய திரை ஒன்று. இரண்டு பாத்திகளுக்கு இரண்டு சோலினாய்டு வால்வு, தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்ற ஒரு பம்ப். இந்த மூன்றையும் போட்டு நிறுத்த மூன்று ரிலே. பம்பும் வால்வுகளும் 12 வோல்ட்டில் ஓடுபவை, மற்றவை 5 வோல்ட். ஒரே 12 வோல்ட் அடாப்டரை வைத்துக்கொண்டு, பக் கன்வெர்ட்டர் என்ற சிறு பலகையால் அதிலிருந்தே 5 வோல்ட்டை இறக்கிக்கொள்கிறோம்.

முதலில் 5 வோல்ட் பக்கம். ஈஎஸ்பி32 சராசரியாக எடுப்பது 100 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடலாம். ஆனால் வைஃபையில் தகவல் அனுப்பும் கணத்தில் அது 240 வரை கேட்கும் என்று தயாரிப்பாளரின் தகவல் தாளே சொல்கிறது. நாம் எழுத வேண்டியது அந்தப் பெரிய எண்ணைத்தான், 250 என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரை வைத்து அளந்தால் சராசரிதான் தெரியும். விநாடிக்கு இரண்டு மூன்று முறை எண்ணை மாற்றும் மீட்டருக்கு, மில்லி விநாடிகளில் வந்துபோகும் உச்சம் கண்ணில் படாது.

ரிலேயின் கணக்கைக் கையாலேயே போட்டுவிடலாம். இந்த வகைப் பலகைகளில் வரும் சிறிய நீல நிற ரிலேயின் காயில் ஏறத்தாழ 70 ஓம். 5 வோல்ட்டை 70 ஆல் வகுத்தால் 71 மில்லி ஆம்பியர். கூடவே எரியும் சிறு விளக்கையும் சேர்த்து ஒன்றுக்கு 75 என்றால், மூன்றுக்கு 225. திரைக்கு 25, இரண்டு சென்சாருக்கும் சேர்த்து 10. மொத்தம் 510 மில்லி ஆம்பியர்.

பலர் வழுக்குவது அடுத்த படியில்தான். இந்த 510ஐ 12 வோல்ட் பக்கத்தின் ஆம்பியரோடு அப்படியே கூட்டக் கூடாது. வோல்ட் வேறு வேறாக இருக்கும்போது வாட்டாக மாற்றித்தான் கூட்ட வேண்டும். 5 வோல்ட்டில் 0.51 ஆம்பியர் என்றால் 2.55 வாட். பக் கன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். நூற்றுக்கு 80 பங்கு போய்ச் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டால், அது அடாப்டரிடம் கேட்பது 3.2 வாட். 12 ஆல் வகுத்தால் 0.27 ஆம்பியர்.

12 வோல்ட் பக்கத்தில் பாகங்கள் குறைவு, பசி அதிகம். வால்வின் மேல் 4.8 வாட் என்று அச்சிட்டிருந்தால், 12 ஆல் வகுக்க 0.4 ஆம்பியர். இரண்டும் திறந்திருந்தால் 0.8. பம்ப் ஓடும்போது 0.7 ஆம்பியர் எடுப்பதாக அதன் லேபிளில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து 0.8, 0.7, 0.27. கூட்டினால் 1.77 ஆம்பியர்.

இரண்டு வால்வையும் ஒரே நேரத்தில் திறக்காதபடி புரோகிராம் எழுதியிருக்கிறேன், ஏன் இரண்டையும் கூட்ட வேண்டும் என்று கேட்கலாம். புரோகிராமை நம்பி இந்தக் கூட்டலில் எதையும் கழிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒருநாள் அதில் ஒரு வரியை மாற்றுவீர்கள். அன்று அடாப்டர் நினைவுக்கு வராது.

1.77 என்றதும் 2 ஆம்பியர் அடாப்டர் போதுமே என்று தோன்றும். மாடியில் ரிலே ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பம்பின் லேபிளில் இருக்கும் 0.7 ஆம்பியர், அது ஓடிக்கொண்டிருக்கும்போது எடுப்பது. சுழலும் மோட்டார் தானும் ஒரு ஜெனரேட்டர் போல எதிர் வோல்ட்டை உண்டாக்கி, உள்ளே வரும் மின்சாரத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும். நின்றிருக்கும் மோட்டாரில் அந்தத் தடுப்பு கிடையாது. அதன் கம்பிச் சுருளின் மின்தடை மட்டும்தான். பம்பைக் கழற்றி வைத்து, அதன் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சில முறை அளந்து, வருவதில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 5 ஓம் என்றால், 12ஐ 5 ஆல் வகுக்க 2.4 ஆம்பியர். ஓடும்போது எடுப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். விநாடியின் ஒரு சிறு பங்குதான் அது நீடிக்கும், ஆனால் அடாப்டரைக் கவிழ்க்க அதுவே போதும்.

வால்வுகள் திறந்திருக்க, வைஃபை பேசிக்கொண்டிருக்க, பம்ப் கிளம்பும் கணத்தின் கணக்கு: 0.8, 2.4, 0.27. மொத்தம் 3.47 ஆம்பியர்.

2 ஆம்பியர் அடாப்டரிடம் இதைக் கேட்டால், தன்னைக் காத்துக்கொள்ள அது மின்சாரத்தை நிறுத்திவிடும். உடனே ஈஎஸ்பி32 அணைகிறது, ரிலே விடுபடுகிறது, பம்ப் நிற்கிறது. சுமை போனதும் அடாப்டர் தானாக மீண்டு 12 வோல்ட் தருகிறது. ஈஎஸ்பி32 விழித்து, மண் காய்ந்திருப்பதைப் பார்த்து, மறுபடியும் பம்பைப் போடுகிறது. அதே கதை திரும்ப நடக்கிறது. மேசையில் இந்தக் கோளாறு தெரியாததற்கும் காரணம் உண்டு. கம்ப்யூட்டரின் யுஎஸ்பி கேபிள் வழியாக ஈஎஸ்பி32க்குத் தனியே மின்சாரம் வந்துகொண்டிருந்தது, அதனால் அடாப்டர் விழுந்தபோதும் அது அணையவில்லை. கேபிள் இருந்தால் நன்றாக இருக்கிறது, கேபிளை எடுத்தால் தொல்லை என்பதே நல்ல தடயம்.

மூளை மீண்டும் மீண்டும் புதிதாகத் தொடங்கினால், அதன் காரணத்தைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பக் கன்வெர்ட்டரின் 5 வோல்ட் கம்பியை ஈஎஸ்பி32இலிருந்து கழற்றிவிட்டு, போர்டுக்கு மட்டும் ஒரு பவர் பேங்கிலிருந்து மின்சாரம் கொடுங்கள். கிரவுண்டு கம்பி இணைந்தே இருக்கட்டும். தொல்லை போய்விட்டால் குறை மின்சாரத்தில். அப்படியும் தொடர்ந்தால், பம்பும் வால்வும் அணையும்போது எழும் மின் அதிர்ச்சியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்து அவற்றின் முனைகளில் போடும் டயோடு. அடாப்டரை மாற்றுவதால் பயன் இருக்காது. 5 வோல்ட் பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் கம்ப்யூட்டர் திரையில் `Brownout detector was triggered` என்ற வரியும் வரலாம். அந்தக் கண்காணிப்பையே புரோகிராமில் அணைத்துவிடச் சொல்லும் யோசனை அடிக்கடி காதில் விழும், அதைக் கேட்காதீர்கள். மின்சாரம் போதாமலே போர்டு தடுமாறி ஓடும், சேமித்துவைத்த தகவல்கூடக் கெடலாம்.

இனி அடாப்டரைத் தேர்ந்தெடுக்கலாம். தொடர்ந்து எடுக்கும் மின்சாரம், அடாப்டரின் திறனில் நூற்றுக்கு 80 பங்கைத் தாண்டக் கூடாது என்பது கைகண்ட வழக்கம். 1.77ஐ 0.8 ஆல் வகுத்தால் 2.2. கடையில் அதற்கு மேல் எளிதாகக் கிடைப்பது 3 ஆம்பியர். ஆனால் கிளம்பும்போது கேட்கும் 3.47ஐ அது தாங்குமா? சில அடாப்டர்கள் ஒரு கணம் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. லேபிளைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. எனவே நான் வாங்கச் சொல்வது 12 வோல்ட், 5 ஆம்பியர். மூன்றாவதாக ஒரு பாத்தியும் வால்வும் சேர்த்தாலும் இடம் இருக்கும். லேபிளில் இன்புட், அவுட்புட் என்று இரண்டு வரி இருக்கும். பார்க்க வேண்டியது அவுட்புட் வரியை.

5 ஆம்பியர் என்றதும், அவ்வளவும் பாய்ந்து போர்டு எரிந்துவிடாதா என்ற பயம் பலருக்கு வரும். எரியாது. வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகினால் சார்ஜர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கிறது. ஆம்பியர் என்பது அடாப்டரால் தர முடிந்த அளவு. எடுத்துக்கொள்வது பாகங்களின் வேலை. கூடிவிடாமல் பார்க்க வேண்டியது வோல்ட்டைத்தான்.

இடைவெளி விடுவதற்கு வெப்பமும் ஒரு காரணம். அடாப்டரின் திறன் சாதாரண அறை வெப்பத்தை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த வெப்பத்தில் பல அடாப்டர்களால் முழுத் திறனைத் தர முடியாது. உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுளும் 10 டிகிரி கூடக்கூட ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அடாப்டரை வீட்டுக்குள் படிக்கட்டின் கீழே வைத்து, 12 வோல்ட் கம்பியை மட்டும் மாடிக்குக் கொண்டுபோவது நல்லது. 230 வோல்ட் ஈரத்தின் பக்கமே போகாது.

ஆனால் அப்போது கம்பியின் தடிமன் கணக்கில் வந்துவிடும். 15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர் கம்பி. 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர் என்றால் அதில் 1 ஓமுக்குச் சற்று மேல் தடை இருக்கும். 1.77 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 2 வோல்ட் தொலைந்துபோகும். எவ்வளவு பெரிய அடாப்டர் வாங்கினாலும் இது சரியாகாது. 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குள் அடங்கும். மாட்டியபின் பம்ப் ஓடும்போது, அதன் முனையிலேயே மல்டிமீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். 11க்குக் கீழே இருந்தால் முதலில் வயரையும் இணைப்புகளையும் பாருங்கள், அடாப்டர் பிறகு.

பெரிய அடாப்டரால் வரும் ஆபத்து ஒன்று உண்டு. பம்பில் மண் அடைத்து மோட்டார் சுழலாமல் நின்றால், கிளம்பும்போது மட்டும் எடுத்த 2.4 ஆம்பியரை அது தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்கும். 2 ஆம்பியர் அடாப்டராக இருந்தால் தானே நின்றிருக்கும். 5 ஆம்பியர் அடாப்டர் தயங்காமல் தரும். வழக்கமாக 8.4 வாட் எடுக்கும் பம்புக்குள் 29 வாட் வெப்பமாக இறங்கினால் சுருள் கருகிவிடும். அதற்காகப் பம்புக்குப் போகும் கம்பியில் மட்டும் 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ வகை ஃப்யூஸ் ஒன்றைப் போடுங்கள். கிளம்பும்போது வரும் கணநேர உச்சத்தை அது பொறுத்துக்கொள்ளும், அடைத்து நின்றால் எரிந்து துண்டித்துவிடும். சாதாரண வேக ஃப்யூஸைப் போட்டால் பம்பைப் போடும்போதெல்லாம் அது போய்க்கொண்டிருக்கும்.