நீல வெளிச்சம் எரிந்தால் போதுமா?

வாட்டர் பியூரிஃபையரைத் திறந்து பார்க்கும் மெக்கானிக், "யு.வி. பல்பை மாத்தணும் சார்" என்றதும் பல வீடுகளில் வரும் பதில், "நல்லாத்தானே எரியுது!" என்பதுதான். காசு பிடுங்கப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த நீல வெளிச்சம் கிருமியைக் கொல்வதில்லை.

எவர்சில்வர் குழாய்க்குள் இருக்கும் இந்தப் பல்பு, வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் 11 வாட்தான். உள்ளே பாதரச ஆவி. அதிலிருந்து வரும் 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர்தான் கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைத்து, அது பெருகாமல் தடுக்கிறது. அந்தக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. சாதாரணக் கண்ணாடியையும் அது தாண்டாது. அதனால்தான் குவார்ட்ஸில் பல்பு செய்கிறார்கள். எரிய எரிய அந்தக் குவார்ட்ஸ் மெல்ல மங்கி, புற ஊதாக் கதிரை மறிக்கத் தொடங்கும். நீல வெளிச்சம் மட்டும் பழையபடி தெரியும்.

இத்தகைய பல்புகளின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம். ஆண்டு முழுக்க அணையாமல் எரிந்தால் 8,760 மணி நேரம். வருடத்துக்கு ஒருமுறை என்ற கணக்கு இங்கிருந்து வந்ததுதான். தொட்டி நிரம்பும்போது மட்டும், தினம் 3 மணி நேரம் எரிகிற மெஷினில் ஆண்டுக்கு 1,100 மணி நேரம்கூட ஆகாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறை அணைந்து எரியும்போதும் முனையிலுள்ள இழையின் பூச்சு தேய்கிறது. பல்பின் இரு நுனிகளும் கறுக்கின்றன. உப்புத் தண்ணீர் ஊர்களில் பல்பைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் உறையில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். உறையைத் துடைக்காமல் புதுப் பல்பு போட்டும் பயனில்லை.

பல்பு அடியோடு போய்விட்டால் பெரும்பாலான மெஷின்கள் காட்டிக்கொடுத்துவிடும்: சிவப்பு விளக்கு எரியும், பீப் ஒலி கேட்கும், சிலவற்றில் தண்ணீரே நின்றுவிடும். ஆனால் அவை பார்ப்பது பல்பில் மின்சாரம் ஓடுகிறதா என்பதைத்தான். கதிரின் பலத்தை அளக்கும் சென்சார் வீட்டு மெஷின்களில் அபூர்வம். தண்ணீரின் ருசியும் மணமும் மாறாது என்பதால் நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

சந்தேகம் இருந்தால் ஹெச்.டூ.எஸ். பாட்டில் சோதனை செய்து பார்க்கலாம். குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1982இல் வெளியிட்ட எளிய முறை இது. தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால், ஓரிரு நாளில் கறுத்தால் மலக் கிருமி இருக்கக்கூடும் என்று பொருள். பல்புதான் காரணம் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். கழுவாத தொட்டியாகவும் இருக்கலாம். யு.வி. கதிர் குளோரினைப் போலத் தண்ணீரில் தங்கிப் பாதுகாப்பதில்லை.

பல்பு மாற்றிய தேதியை மெஷினின் பக்கவாட்டில் எழுதி ஒட்டுங்கள். எரியும் பல்பை வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். பல்பு போய்விட்டால், புதியது வரும்வரை தண்ணீரைத் தளதளவென ஒரு நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்துக் குடியுங்கள்.