பார்சலுக்குள் வைக்கும் நன்றி கார்டு

வீட்டில் இட்லிப் பொடி அரைத்து, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, கூரியரில் அனுப்புகிறவர்கள் பலர் பார்சலுக்குள் ஒரு நன்றி கார்டும் வைக்கிறார்கள். ‘வாங்கியதற்கு நன்றி. 5 ஸ்டார் போட்டால் அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி’ என்று அதில் அச்சடித்திருக்கும். இந்த ஒரு வரியே கார்டைக் கெடுத்துவிடுகிறது.

காசு கொடுத்து வாங்கிய பாராட்டில் விற்பவர் தெரிந்துகொள்ள எதுவும் இருக்காது. காரம் தூக்கலாக இருந்தது என்று நினைப்பவரும் 30 ரூபாய்க்காக அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார். அமேசான் போன்ற தளங்களில் விற்பவருக்கு இது விதிமீறலும்கூட. விமர்சனத்துக்குப் பதிலாகத் தள்ளுபடி தருவதும், நல்லதாக மட்டும் எழுதச் சொல்வதும் அங்கே தடை செய்யப்பட்டவை.

இன்னொரு சிக்கல், நேரம். கார்டு கண்ணில் படும்போது பொடிப் பாக்கெட்டைப் பிரித்தே இருக்க மாட்டார்கள். சாப்பிடாத பொடியைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அதனால் கார்டில் இப்படி எழுதலாம்: ‘இது 12-ம் தேதி அரைத்த பொடி. பத்து நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். காரம் கூடுதலா, குறைவா? பாக்கெட் கசிந்து வந்ததா? குறை இருந்தால் அதையே முதலில் சொல்லுங்கள்.’ ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்று பதில் வரும். காரத்தைக் கேட்டால் காரத்துக்குப் பதில் வரும். தேதியைக் கையால் எழுதுவது அலங்காரத்துக்காக அல்ல. ஒரே தேதிப் பொடியைப் பற்றி மூன்று பேர் ‘கசக்கிறது’ என்றால், அன்றைக்குப் பருப்போ மிளகாயோ கருகியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

சலுகையைப் பின்பக்கத்தில் தனியாக அச்சிட வேண்டும்: ‘அடுத்த ஆர்டருக்கு 30 ரூபாய் குறைவு. NANDRI30 என்று அனுப்புங்கள். கருத்துச் சொல்லாவிட்டாலும் இது உண்டு.’ கால் கிலோ பொடி ஒரு வீட்டில் ஒரு மாதம் வரும் என்றால், சலுகைக்கு ஒன்றரை மாதமாவது கெடு வேண்டும். ஒரு வாரம் என்று போட்டால், பொடி தீரும் முன்பே சலுகை காலாவதியாகிவிடும்.

பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். பேனா மை அதில் ஒட்டாமல் இழுபடும். எண்ணெய்ப் பொருளோடு போகும் கார்டைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போடுவது நல்லது. க்யூஆர் குறியீடு இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஸ்கேன் செய்யத் தெரியாதவர்களுக்காகக் கீழே போன் நம்பரும் வேண்டும்.

கார்டால் ஆர்டர் கூடுகிறதா என்பதை NANDRI30 எத்தனை முறை வந்தது என்று எண்ணி மட்டும் சொல்லிவிட முடியாது. எப்படியும் வாங்கக்கூடிய வாடிக்கையாளரும் அதைப் பயன்படுத்துவார். புது வாடிக்கையாளர்களின் பார்சல்களில் ஒன்றுவிட்டு ஒன்றில் கார்டு வைத்து, இரண்டு மாதம் கழித்து இரு தரப்பிலும் திரும்பி வந்தவர்களை எண்ண வேண்டும். கார்டு போன ஐம்பதில் ஒன்பது பேர், போகாத ஐம்பதில் எட்டுப் பேர் என்றால் அந்த ஒருவரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இன்னும் நூறு பார்சலுக்குத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.