குரோசானின் அடுக்குகள்

பிரான்சு நாட்டின் அடுமனைகளில் நாள்தோறும் காலையில் குரோசான் சுடப்படுகிறது. பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் பிறைநிலா என்பது பொருள். நன்கு வெந்த குரோசானைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தேன்கூடு போன்ற அறைகள் தெரியும். அவ்வறைகள் தோன்றக் காரணம் வெண்ணெயே ஆகும்.

மாவின் அடுக்குகளுக்கு நடுவே வெண்ணெய் தனிப்படலமாக நிற்கிறது. அடுப்பின் வெப்பத்தில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகி, மேலடுக்கைத் தூக்குகிறது. அதற்கு முன்பே வெண்ணெய் உருகிவிட்டால் மாவு அதனை உறிஞ்சிக்கொள்ளும், அடுக்குகள் ஒட்டிக்கொள்ளும், கிடைப்பது வெறும் பன்தான். பரோட்டாவுக்கு இத்தொல்லை இல்லை. அதனைச் சுருட்டிச் சற்று நேரத்தில் கல்லில் இட்டுவிடுவர். குரோசானோ வடிவமைத்த பின்னும் இரண்டு மணி நேரம் உப்ப வேண்டும்.

500 கிராம் மைதாவுக்கு 250 கிராம் வெண்ணெய் எனக் கொள்வோம். பால், சர்க்கரை, உப்பு, ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மாவைக் குளிரவைக்க வேண்டும். வெண்ணெயை 20 செ.மீ. சதுரத் தகடாகத் தட்டி, மாவுக்குள் பொதிய வேண்டும். வெண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரி செல்சியசு இருப்பது நன்று. வெப்பமானி இல்லையெனில் தகட்டை வளைத்துப் பார்க்கலாம். முறிந்தால் குளிர் மிகுதி. அதனைத் தேய்த்தால் மாவுக்குள் சில்லுசில்லாக உடையும். விரல் பதிந்து பளபளத்தால் வெப்பம் மிகுதி. முறியாமல் வளைவதே சரியான நிலை.

பின்னர் மாவை 60 செ.மீ. நீளத்திற்குத் தேய்த்து, கடிதத்தை மடிப்பதுபோல் மூன்றாக மடிக்க வேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்தால் வெண்ணெய் 3, 9, 27 எனப் படலங்களாகப் பெருகும். இறுதியில் மாவை 4 மி.மீ. கனத்திற்குத் தேய்க்கும்போது ஒவ்வொரு படலமும் எழுதுதாளைவிட மெல்லியதாகிவிடும். அத்தகைய படலம் ஓரிடத்தில் தடித்தும் வேறிடத்தில் கிழிந்தும் இருந்தால், குரோசான் ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் அமுங்கும். எனவே கட்டையை ஒரே அழுத்தத்துடன் உருட்ட வேண்டும். ஓரங்கள் நேராகவும் மூலைகள் செங்கோணமாகவும் அமைய வேண்டும். வளைந்த ஓரத்தில் வெண்ணெய் சென்று சேர்வதில்லை.

ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னும் அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பர். அதனால் வெண்ணெய் இறுகும். இழுபட்ட மாவும் தளரும். தளராத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொள்ளும். வலிந்து இழுத்தால் கிழியும். தில்லியின் மே மாத வெயிலில் இவ்வேலையை விடியற்காலையில் தொடங்குவதே அறிவுடைமை.

முக்கோணங்களாக வெட்டிச் சுருட்டியவற்றை 26 டிகிரி அளவில் உப்பவைக்க வேண்டும். விரைவில் உப்பட்டும் என்று வெயிலில் வைப்போர் உண்டு. அப்போது தட்டில் நெய் கசியத் தொடங்கும். அதன்பின் அவ்வடுக்குகளை மீட்க வழியில்லை.