அகராதிப் பக்கத்தைப் பதிவுகளாகப் பிரித்தல்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து, எழுத்துணரி மென்பொருளில் கொடுத்தால் கிடைப்பது ஒரு நீண்ட உரை மட்டுமே. எது தலைச்சொல், எது பெயர் அல்லது வினை என்ற குறிப்பு, எது பொருள் என்று அதில் பிரிந்திருக்காது. அந்தப் பிரிப்புதான் உண்மையான வேலை. அது படத்திலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள் இருக்கும். படத்தை நிமிர்த்தி, நடுவில் வெட்டி, ஒவ்வொரு பத்தியையும் தனிப் படமாக்குவது நல்லது. முழுப் பக்கத்தையும் கொடுத்தால், இடப்பத்தி வரியின் வாலில் வலப்பத்தி வரி ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் மென்பொருளுக்கு இடும் கட்டளை இது:

```
tesseract col1.png col1 -l tam+eng --psm 6 tsv
```

கடைசியில் உள்ள `tsv` முக்கியம். அது ஒவ்வொரு சொல்லோடும் அந்தச் சொல் படத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் தரும். அகராதியில் புதிய பதிவின் முதல் வரி பத்தியின் இட ஓரத்தை ஒட்டித் தொடங்கும். மற்ற வரிகள் சற்று உள்ளே தள்ளியிருக்கும். ஆகவே இட ஓரத் தூரத்தைப் பார்த்தே பதிவுகளை வெட்டிவிடலாம். பத்தியின் உச்சியிலேயே உள்ளே தள்ளிய வரி வந்தால், அது முந்தைய பத்தியில் தொடங்கிய பதிவின் மிச்சம்.

வெட்டிய பதிவு, மேற்கோள்களை நீக்கிச் சுருக்கினால், ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
கரம்¹ karam, n. < kara. 1. Hand; கை. 2. Elephant's trunk; துதிக்கை.
```

இதில் முற்றுப்புள்ளியை எல்லையாகக் கொண்டால் எல்லாம் சிதறும். சுருக்கக் குறிகளின் பின்னும் அதுவே நிற்கிறது. நம்பகமான எல்லைகள் வேறு. முதல் தமிழ்ச் சொல் தலைச்சொல். அடுத்தது ரோமன் எழுத்தில் அதன் ஒலிபெயர்ப்பு. காற்புள்ளிக்குப் பின் வருவது இலக்கண வகை. எண்கள் பொருள்களைப் பிரிக்கும். அரைப்புள்ளி ஆங்கிலப் பொருளையும் தமிழ்ப் பொருளையும் பிரிக்கும். தலைச்சொல்லின் தலைமேல் நிற்கும் சிறிய எண்ணைத் தனிக் கட்டத்தில் வைக்க வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டல் கொண்ட வேறு வேறு சொற்களைப் பிரித்துக் காட்டுவது அதுதான். எழுத்துணரி அதை அடிக்கடி விட்டுவிடும், அல்லது மேற்கோள் குறியாக்கிவிடும். முடிவில் கிடைப்பது:

```
கரம் | 1 | n. | Hand | கை
கரம் | 1 | n. | Elephant's trunk | துதிக்கை
```

இனி பிழைகள். தமிழ் எழுத்துணரியின் நிரந்தரத் தலைவலி ரகரமும் துணைக்காலும். ‘கரம்’ என்பதை அது ‘காம்’ என்று படிக்கும். இதைப் பிடிக்க லெக்சிகனே வழி தருகிறது. ‘காம்’ என்பதை ரோமனில் எழுதினால் நடுவில் `r` வராது. பக்கத்திலோ `karam` என்று இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாத பதிவுகளைத் தனியே ஒதுக்கிவிடலாம். ஒலிபெயர்ப்பின் மேற்கோடுகளையும் கீழ்ப்புள்ளிகளையும் எழுத்துணரி தொலைத்துவிடும் என்பதால், குறில் நெடில் பிழையும், லகர ளகரம் போன்றவை மாறும் பிழையும் இந்தச் சல்லடையில் தப்பும்.

அவற்றைப் பெரும்பாலும் அகரவரிசை பிடிக்கும். ஆனால் கணினியின் இயல்பான வரிசையை நம்பக் கூடாது. யூனிகோடு எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. அகராதியில் அது கடைசி எழுத்து. ‘அகம்’ கணினிக்கு முன்னது, ‘அக்கா’ பின்னது. லெக்சிகனில் புள்ளி எழுத்து முந்தும் என்பதால் ‘அக்கா’ முதலில் வரும். இந்த வரிசையைத் தனியாக எழுதிக் கொடுக்காவிட்டால், சரியான சொற்களையெல்லாம் கணினி பிழை என்று காட்டும்.

வினைச்சொற்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. வினைத் தலைச்சொல்லுக்குப் பின் ‘-தல்’ அல்லது ‘-த்தல்’ என்ற ஒட்டும், அதன் பிறகு வினை வகையின் எண்ணும் வரும். 4 என்ற வகை ‘-தல்’ உடனும், 11 என்ற வகை ‘-த்தல்’ உடனும் சேரும். தூசி படிதல் முன்னது; பாடம் படித்தல் பின்னது. 11 என்பதை எழுத்துணரி இரண்டு ஆங்கில எழுத்துகளாகப் படித்திருந்தாலும் ஒட்டைப் பார்த்துத் திருத்திவிடலாம்.

பொருள் பகுதிக்கு இத்தகைய காவல் இல்லை. அங்கே தொல்லை தருவது, 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவங்கள். ‘னை’, ‘ணா’ போன்றவற்றின் பழைய கூட்டெழுத்துகளை, புது எழுத்துருவில் பயின்ற எழுத்துணரி வேறு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். அந்த எழுத்துகளின் மாதிரிகளைக் கொடுத்து மீண்டும் பயிற்றலாம். சில பக்கங்களே இருந்தால் கையால் திருத்துவதே விரைவு. எப்படியிருந்தாலும் ஒவ்வொரு பதிவோடும் தொகுதி எண், பக்க எண், பத்தி ஆகிய மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். அவை இல்லாத பட்டியலில் ஐயம் எழுந்தால், அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட வழியே இருக்காது.